செந்தூரனின் இடுப்பில் இருந்த நீலம்

ஜெயஸ்ரீ எங்கள் எதிர் ஃபிளாட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது, இந்தப் பெண்ணுக்கு வாய் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. லிஃப்டில் பார்த்தால் சிரிப்பாள். "சௌக்கியமா?" என்றால் தலையாட்டுவாள். அவ்வளவுதான். நான் நாள் முழுக்கப் பள்ளிக்கூட நூலகத்தில் "பேசாதே, பேசாதே" என்று பிள்ளைகளை அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பேச ஆள் தேடுகிறவள். எனக்கு வாய்த்த அண்டை வீடு இப்படி.

அவள் சாத்தூர்ப் பெண். அப்பா அங்கே ஒரு பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா, இவள் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள், பெண்கள் விடுதியில் தங்கி. அங்கிருந்து தி.நகர் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். புருஷன் அஸ்வினுக்குப் பெருங்குடியில் வேலை. மாமனார் சுயம்புலிங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை. வீட்டை நடத்துவது அஸ்வினின் அக்கா சண்முகவடிவு. கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷனை இழந்து, பிள்ளையில்லாமல், பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். கடையின் கொள்முதலும் அவள் கையில்தான், சாம்பாரின் உப்பும் அவள் கையில்தான். கெட்டிக்காரி. எதையும் சட்டென்று முடிவு செய்வாள். செய்த முடிவை அவள் மாற்றி நான் பார்த்ததில்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். தாய் இல்லாத பெண்ணுக்குத் தாய் வீடு ஏது? அதனால் எல்லாம் இங்கேயே நடந்தது. சிசேரியன். ஆண் குழந்தை. குலதெய்வம் பேரில் செந்தூரன் என்று வைத்தார்கள்.

குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று சண்முகவடிவு என்னிடம்தான் கேட்டாள். நான் கன்னியம்மாவை அனுப்பினேன். மந்தைவெளிப் பக்கம் வாரியக் குடியிருப்பில் இருக்கிறவள். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அவள் காலில் கிடந்து குளிக்காத குழந்தைகள் குறைவு. என் தங்கை பிள்ளைகள் இரண்டையும் அவள்தான் குளிப்பாட்டினாள். பாத்ரூமில் மணை போட்டு உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் சொருகி, இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். வெந்நீர் விட்டுவிட்டு முதுகில் தட்டுவாள், உள்ளங்கையைக் குவித்து, பொத்துப் பொத்தென்று. சத்தம் கேட்டால் யாரோ சப்பாத்தி தட்டுகிறார்கள் என்று தோன்றும். குழந்தை முதலில் கத்தும், பிறகு அடங்கும், சாம்பிராணிப் புகை காட்டும்போது தூங்கியே போகும்.

தையல் போட்ட வயிறு, குனியக் கூடாது என்று ஜெயஸ்ரீயை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. கன்னியம்மா குளிப்பாட்டுவாள், சண்முகவடிவு துடைத்து உடுத்துவாள், துணி மாற்றுவாள். சுற்றிக் கட்டிய பொட்டலமாகப் பால் குடிக்க மட்டும் பிள்ளை தாயிடம் போகும். குடித்து முடித்ததும் பொட்டலம் திரும்ப வந்துவிடும். "புள்ள பெத்தவ நல்லா தூங்கட்டும்" என்பாள் சண்முகவடிவு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஜெயஸ்ரீ தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால், "ஆமா மாமி", "சரி மாமி". பால்காரனிடம் பேசுகிற மாதிரி. மெதுவாகத் தேறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பின்னால் அவளே என்னிடம் சொன்னது இது. குழந்தை அழுதால் எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும். பால் கொடுக்க வேண்டும் என்று தெரியும். செய்வாள். ஆனால் அதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருக்குமாம். மற்றவர்கள் பிள்ளையைப் பார்த்துக் கொஞ்சும்போது இவளும் உதட்டை அசைப்பாள். உள்ளே ஒன்றும் அசையாது.

மூன்றரை மாதம் போல இருக்கும்போது செந்தூரன் குப்புற விழுந்தான். முதல் முறை குழந்தை தானாகப் புரண்டு குப்புற விழுவது இந்த வீடுகளில் சின்ன விசேஷம். கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கம் கொடுப்பார்கள். குளித்து முடித்து ஹாலில் பாயில் உடம்பு உலர விட்டிருந்தபோது, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை உடம்புக்கடியில் சிக்க வைத்துக்கொண்டு, முக்கி முனகிப் பொத்தென்று புரண்டானாம். "விழுந்துட்டான், விழுந்துட்டான்" என்று சண்முகவடிவு போட்ட கூச்சலில் நானும் ஓடினேன். கடையிலிருந்து சுயம்புலிங்கம் வந்துவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை, தலையில் ஈரத் துண்டோடு வந்து நின்றாள். பிள்ளை அம்மணமாகக் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கி எங்களை எல்லாம் பார்த்தது. ஜன்னல் வெயில் நேராக அவன் முதுகில்.

அந்தத் தங்கைக்காரிதான் குனிந்து பார்த்தாள். "இது என்னது, ரத்தம் கட்டினாப்ல இருக்கு?"

பிருஷ்டத்துக்கு மேலே, இடுப்பின் அடியில், நீலமும் சாம்பலும் கலந்த திட்டு. பழைய ஸ்லேட்டுப் பலகையின் நிறம். ஒரு பெரிய திட்டு, அதன் பக்கத்தில் சின்னதாக இரண்டு. ஓரம் தெளிவாக இல்லை. தண்ணீரில் மை கலைந்த மாதிரி. அதுவரை யாருக்கும் அது கண்ணில் படவில்லையா என்று கேட்டால், பட்டிருக்கும். சண்முகவடிவு தினமும் துணி மாற்றியவள். துணிச் சாயம், எண்ணெய்க் கறை, வசம்பு மை என்று எதையாவது நினைத்துத் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். வெளிச்சத்தில் குப்புறப் போட்டு யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒருத்தி வாயால் "ரத்தம் கட்டு" என்று சொன்னதும் எல்லோர் கண்ணுக்கும் அது ரத்தக் கட்டாகவே தெரிந்தது. எனக்கும்.

சண்முகவடிவுக்கு ஒரு நிமிஷம் போதும். "கன்னியம்மா அடிக்கிற அடிதான். அன்னைக்கே நெனச்சேன், புள்ளைய இப்படிப் போட்டுச் சாத்துதாளேன்னு."

நான் குறுக்கே விழுந்தேன். "அவ அப்படி அடிக்கிறவ இல்லையே. எங்காத்துக் குழந்தைகளையே அவதான்..."

"உங்க வீட்டுப் பிள்ளைகளக் குளிப்பாட்டுனப்ப அவளுக்கு வயசு கொறவு மாமி. இப்ப கை நெதானம் இல்ல. கண்ணுக்கு எதிர்க்க இருக்கே, பாக்கலையளா?"

கண்ணுக்கு எதிரே இருப்பதோடு எப்படி வாதாடுவது? நான் வாயை மூடிக்கொண்டேன். கொழுக்கட்டை அடுப்பிலேயே ஆறிப்போனது.

மறுநாள் காலை கன்னியம்மா வந்தபோது சண்முகவடிவு பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. கன்னியம்மா சண்டைக்காரி. கறிகாய்க்காரன் எடை குறைத்தால் தெருவே கேட்கும். அன்றைக்குக் குரலே உயரவில்லை. "இன்னாம்மா சொல்ற, நானா?" என்று ஒரு முறை கேட்டாள். பிறகு குனிந்து அந்த நீலத்தையே பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிப் போனாள். லிஃப்டைக்கூட அழுத்தவில்லை. சண்டை போடாமல் போகிறாளே, அப்படியானால் செய்திருப்பாளோ என்று சண்முகவடிவு அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் கன்னியம்மாவை நிறுத்திவிட்டார்கள் என்று வேலைக்காரப் பெண் சொன்னாள்.

இதெல்லாம் நடந்தபோது ஜெயஸ்ரீ அறை வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. அவளுக்கு என்ன தெரியும், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு; அதுவும் பின்னால் அவளே சொன்னதுதான்.

அதற்கு முந்தைய வாரம் ஒரு மத்தியானம். சண்முகவடிவு கடைக்குப் போயிருந்தாள். பிள்ளை அழுதான். பால் கொடுத்தாள், அழுதான். தோளில் போட்டு நடந்தாள், அழுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கட்டிலில் விட்டாள். வைத்தாளா, போட்டாளா என்பதுதான் அவளுக்கு நினைவில்லை. கையிலிருந்து கட்டிலுக்குப் போன அந்த ஒரு கணம் மட்டும் அவளிடம் இல்லை. மெத்தையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிள்ளை திடீரென்று அழுகையை நிறுத்தி, அவளைப் பார்த்து, பிறகு மறுபடி ஆரம்பித்தான். அவ்வளவுதான்.

நீலத்தைப் பார்த்ததும் அந்தக் கணம் நிரம்பிவிட்டது. போட்டிருக்கிறேன். இவ்வளவு பலமாகப் போட்டிருக்கிறேன். இடுப்பில் ரத்தம் கட்டுகிற அளவுக்கு.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. தன் பிள்ளையைத் தானே அடித்திருக்கிறோம் என்று தெரிந்த பிறகும் அவளுக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. கன்னியம்மா தன் பழியைச் சுமந்துகொண்டு படியிறங்கிப் போனபோதும் நெஞ்சில் ஒன்றும் குத்தவில்லை. ஒரு கணக்கு மட்டும் மனத்தில் ஓடியது: இப்படி ஒன்றும் தோன்றாத ஒருத்தியிடம் பிள்ளை இருக்கக் கூடாது. அடுத்த முறை இதைவிடப் பெரிதாக நடக்கும்.

அவள் அமைதியாகவே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சாத்தூர் போய்க் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றாள். பிள்ளைக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளாது, மதினி சண்முகவடிவிடமே இருக்கட்டும் என்றாள். புட்டிப்பால் பழக்க ஆரம்பித்தாள். அஸ்வின் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, "ரெஸ்ட் எடுத்துட்டு வா" என்றான். நல்ல பையன்தான், ஆனால் கேள்வி கேட்கத் தெரியாத பையன். சண்முகவடிவு வேண்டாம் என்றுதான் சொன்னாள். சொன்ன விதத்தில் வேண்டும் என்பது இருந்தது. பிள்ளைக்கு ஏங்கியவள், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 'கொஞ்ச நாள்' என்று ஜெயஸ்ரீ சொன்னது திரும்பி வராத கொஞ்ச நாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தனக்குத் தெரியும் என்றாள், பின்னால்.

இதற்கிடையில் சண்முகவடிவு வைத்தியம் பார்த்தாள். உப்பைத் துணியில் கட்டிச் சூடு பண்ணி ஒத்தடம். மஞ்சள் பற்று. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ரத்தக்கட்டுக் களிம்பு. வாரங்கள் போயின. நீலம் அப்படியே இருந்தது. ஒரு இம்மியும் வெளுக்கவில்லை. "எப்படி அடிச்சிருந்தா இன்னும் போவாம கெடக்கும்!" என்று சண்முகவடிவு ஒவ்வொரு நாளும் கன்னியம்மாவைத் திட்டினாள். அறைக்குள் ஜெயஸ்ரீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே கேள்விதான். எப்படிப் போட்டிருந்தால்!

தடுப்பூசி தள்ளிக்கொண்டே போனது. சளி, விசேஷம், அஷ்டமி என்று ஜெயஸ்ரீ ஏதாவது காரணம் சொன்னாள். டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்ப்பார், பார்த்ததும் தெரிந்துவிடும் என்று அவளுக்குப் பயம்கூட இல்லை, ஒரு கணக்குதான். தான் ஊருக்குப் போன பிறகு தெரிந்தால் போதும். ஆனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஊசி போட்டாக வேண்டும் என்று சண்முகவடிவு முடிவு செய்துவிட்டாள். சண்முகவடிவு முடிவு செய்தால் செய்ததுதான். அஸ்வினுக்கு ஆபீஸ். எனக்குப் பள்ளி விடுமுறை. "மாமி, நீங்களும் வாங்க" என்றாள். மூன்று பேரும் பிள்ளையோடு ஆட்டோவில் மயிலாப்பூர் லஸ் பக்கம் போனோம்.

குழந்தை டாக்டர் தபஸ்ஸும் அதிகம் சிரிக்கிறவர் இல்லை. ஆனால் குழந்தைகள் அவரிடம் அழுவதில்லை, ஏன் என்று எனக்குத் தெரியாது. எடை பார்க்கத் துணியை அவிழ்த்ததும் சண்முகவடிவு முந்திக்கொண்டாள்.

"டாக்டர், குளிப்பாட்டுறவ அடிச்சுப்போட்டா. ரத்தம் கட்டி ரொம்ப நாளாச்சு, போவவே மாட்டேங்கு. என்னென்னமோ போட்டுப் பாத்தாச்சு."

டாக்டர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பிள்ளையைக் குப்புறப் போட்டார். திட்டைப் பார்த்தார். விரலால் அழுத்தினார், ஒவ்வொரு இடமாக. செந்தூரன் திரும்பி அவர் வளையலைப் பிடிக்கப் பார்த்தான். பிறகு திருப்பிப் போட்டு, தலை, காதுக்குப் பின்னால், வாய்க்குள், கை, கால், விலா என்று நிதானமாகத் தேடினார். அவர் வேறு எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஜெயஸ்ரீ ஜன்னல் பக்கம் நின்றாள், யாருக்கோ நடப்பதைப் பார்க்கிறவள் போல.

"இது எப்போலேர்ந்து இப்படியே இருக்கு? நிறம் மாறிச்சா?"

"மாறவே இல்ல டாக்டர், அதான் சொல்லுதேன். அன்னைக்குப் பாத்த மாதிரியே கெடக்கு."

"அப்ப இது அடியில்ல," என்றார் டாக்டர். "ரத்தக்கட்டுன்னா தினம் நிறம் மாறும். ஊதாவா இருக்கும், அப்புறம் பச்சை, மஞ்சள்னு ஆகி, ஒரு வாரம் ரெண்டு வாரத்துல போயிடும். தொட்டா வலிக்கும். கொஞ்சம் வீங்கியிருக்கும். இவனைப் பாருங்க, அழுத்துறேன், சிரிக்கிறான். தட்டையா இருக்கு. இது பொறவி மச்சம்."

"மச்சமா? நீலமாவா?"

"நம்ம தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் இருக்குல்ல, கருவுல இருக்கும்போது அதெல்லாம் ஆழத்துலேர்ந்து மேல்தோலுக்குப் போய்ச் சேரும். கொஞ்சம் செல் போய்ச் சேராம உள்ளயே நின்னுடும், பெரும்பாலும் இடுப்புக்கு அடியில. உள்ள இருக்கிற நிறம் பழுப்புதான். ஆழத்துலேர்ந்து தெரியறதால நமக்கு நீலமா தெரியுது. உங்க கை நரம்பைப் பாருங்க, நீலமா இல்ல? உள்ள ஓடுற ரத்தம் நீலமா?"

சண்முகவடிவு தன் கையைத் திருப்பி நரம்பைப் பார்த்தாள். அவளைப் பார்த்து நானும் பார்த்தேன்.

"நம்ம ஊர்க் குழந்தைகள்ல நிறையப் பேருக்கு இருக்கும். பொறக்கும்போதே இருக்கும், சிலருக்கு முதல் சில வாரத்துல தெளிவாத் தெரிய ஆரம்பிக்கும். வலி கிடையாது, வேற நோயா மாறாது, பரவாது. ஸ்கூலுக்குப் போற வயசுக்குள்ள பெரும்பாலும் தானே மங்கிடும். சில பேருக்குக் கொஞ்சம் தங்கும், அதனாலயும் ஒண்ணுமில்ல."

"மருந்து?"

"மருந்து வேண்டாம். சரிபண்ண இதுல எதுவும் கெட்டுப்போகலையே. களிம்பு அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. சூட்டு ஒத்தடம் குழந்தைத் தோலைத்தான் புண்ணாக்கும். இங்க பாருங்க, ஓரத்துல சிவந்திருக்கே, அது உங்க வைத்தியம். அதை மட்டும் நிறுத்துங்க, போதும். உடம்பு முழுக்கப் பெரிசு பெரிசா இருந்து, குழந்தையோட வளர்ச்சியும் பின்தங்கினா வேற பரிசோதனை பண்ணுவோம். இவன் நல்லா இருக்கான், குப்புற விழுறான், ஆளைப் பாக்கிறான். கார்டுல எங்க, எவ்வளவு பெரிசுன்னு எழுதறேன். நாளைக்கு க்ரெஷ்ல யாராவது பாத்துட்டு, நீங்க அடிச்சீங்கன்னு சொல்லக் கூடாது இல்ல?"

நான் பெருமூச்சு விட்டேன். நிம்மதியாக இருந்தது. கன்னியம்மாவுக்காகக் கோபமும் வந்தது, சண்முகவடிவு மீது, என் மீதும் கொஞ்சம்.

அப்போதுதான் ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. கணக்கில் சந்தேகம் கேட்கிற குரல்.

"கட்டில்ல போட்டதுல வரலையா, டாக்டர்?"

யாருக்கும் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. "யாரு போட்டது?"

"நான். அழுதுக்கிட்டே இருந்தான். கட்டில்ல விட்டேன். வச்சேனா போட்டேனான்னு தெரியல. அதுலதான் வந்துச்சுன்னு..." நிறுத்தினாள். "வரலையா?"

"வரல. இதை யாரும் உண்டாக்கல. நீங்க அவனைப் பெத்தபோதே அவன் கூட வந்தது."

ஜெயஸ்ரீ தலையாட்டினாள். சரி மாமி என்று என்னிடம் ஆட்டுகிற அதே தலையாட்டல். தூக்குத் தண்டனை ரத்தானவள் துள்ள வேண்டாமா? எனக்குத்தான் அழுகை வந்தது. அவள், "எனக்குச் சந்தோஷம் வர மாட்டேங்குது டாக்டர்," என்றாள். "அன்னைக்கும் ஒண்ணும் வரல. நான்தான் அடிச்சேன்னு நெனச்சப்பவும் வரல. அதான் இவன மதினிகிட்ட விட்டுட்டுப் போயிடலாம்னு."

சண்முகவடிவு அவள் பக்கம் திரும்பினாள். "திரும்பி வார மாதிரி இல்லையா ஜெயா?"

ஜெயஸ்ரீ பிள்ளையின் அவிழ்த்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வெளியே காத்திருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி நர்ஸை அனுப்பினார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா, பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றியதா என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். அவளும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். இல்லை, செத்துப்போகத் தோன்றவில்லை, எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் விஷயம். "பிரசவத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்கு இது வருது. நீங்க கெட்ட அம்மா இல்ல, உங்களுக்கு உடம்பு சரியில்ல," என்றார் டாக்டர். "இது இந்த மச்சம் மாதிரி இல்ல, தானே மங்கட்டும்னு விடக் கூடாது. இதுக்கு வைத்தியம் இருக்கு." மனநல டாக்டர் ஒருவருக்கு அப்போதே போன் செய்து மறுநாளைக்கு நேரம் வாங்கினார். தனியாக விடாதீர்கள், ஆனால் பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்கவும் வேண்டாம் என்று சண்முகவடிவிடம் சொன்னார். பிறகுதான் ஊசி. செந்தூரன் ஒரு முறை வீல் என்று கத்திவிட்டுத் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஆட்டோவில் ஏறியதும் சண்முகவடிவு கண்ணைத் துடைத்தாள். "என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா ஜெயா. நான் உன்னத் தின்னுறவா போறேன்?" பிறகு யாரையும் கேட்காமல் ஆட்டோக்காரனிடம், "தி.நகர் வேண்டாம்பா, மந்தவெளி போ," என்றாள். அவள் முடிவை மாற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கன்னியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். காலை நேரத்தில் அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதே எனக்கு விசித்திரமாக இருந்தது. அந்த நேரத்துக்கு அவள் மூன்றாவது வீட்டில் இருப்பாள். எங்களைப் பார்த்து எழுந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

சண்முகவடிவு நேராக விஷயத்துக்கு வந்தாள். அது அடி இல்லையாம், பிறவி மச்சமாம், டாக்டர் சொன்னார், நான் சொன்னது தப்பு, நாளையிலிருந்து வா, அந்த இரண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்கிறேன், என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

கன்னியம்மா சந்தோஷப்படுவாள், அல்லது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் முகம் அப்படியே இருந்தது. ஜெயஸ்ரீயின் முகம் போல.

"அந்த ரெண்டு வூட்ல நிறுத்தலம்மா," என்றாள். "நான்தான் நின்னுக்கினேன். எல்லா வூட்லயும்."

"ஏன்?"

"நீ அந்த நீலத்தக் காமிச்சப்போ எனுக்கு ஒண்ணும் புரியல. ஊட்டுக்கு வந்து யோசிச்சேன். நான் குளிப்பாட்ன பாதிக் கொயந்தைங்களுக்கு அது இருந்திச்சும்மா. அதே எடத்துல. மாமி, உன் தங்கச்சி புள்ளைக்குக்கூட. நான் பாத்துக்கினேதான் இருந்தேன், ஒரு நாளும் இன்னான்னு யோசிக்கல. நீ சொன்னப்புறம்தான் தோணிச்சு. எல்லாம் என் கைதான். இத்தினி வருசமா இத்தினி கொயந்தைங்கள அடிச்சுக்கினு இருந்திருக்கேன், எனுக்கே தெரியாம." முறத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "அப்பால எப்படி ஒரு கொயந்தையத் தொடுறது?"



ஜெயஸ்ரீ பிள்ளையைத் தோளில் போட்டபடி அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தையல் வயிறு என்று யாரும் தடுக்கவில்லை.

"அது நீ தொடுறதுக்கு முன்னாடியே இருந்தது கன்னியம்மா. எல்லாப் பிள்ளைக்கும். பொறக்கும்போதே." பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன். என் கைதான்னு."

கன்னியம்மா அவளைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். ஜெயஸ்ரீயின் வலது கையைப் பிடித்து, பிரித்து, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கையா?" என்றாள்.

ஜெயஸ்ரீ அழுது நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.